குட்டி வக்காவும் நாலு கேள்வியும்: ஒரு தூங்க வைக்கிற கதையைத் திருத்தின கதை

போன எபிசோடு முடிவுல, "பாப்பாவைத் தூங்க வைக்கப் போகணும், பை"ன்னு அவசரமா முடிச்சேன். அதுக்கு நிறைய பேர் "என்ன கதை சொல்லுவீங்க?"ன்னு கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன். ஒரே ஒரு கதை. மூணு வயசுக் குழந்தைக்கு ராத்திரி சொல்றதுக்காக அதை நான் எத்தனை தடவை திருத்தினேன், எங்கெங்க சொதப்பினேன், கடைசியில எப்படி நின்னுச்சுங்கிறதுதான் எபிசோடு.

முதல்ல எங்க வீட்டு நிலைமையைச் சொல்லிடறேன். நாங்க இருக்கிறது நாவலூர். என் வொய்ஃபுக்கு ஆறு மாசமா ராத்திரி ஷிப்ட். சாயங்காலம் ஆறரைக்கு கேப் வரும், விடியக்காலை அஞ்சு, அஞ்சரைக்குத் திரும்பி வருவாங்க. எனக்குப் பகல் வேலை. அதனால பாப்பாவைத் தூங்க வைக்கிற டியூட்டி என்னோடது. அவளுக்கு மூணு வயசு முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. எட்டரைக்கு லைட்டை அணைச்சா, இருட்டுல முதல் கேள்வி இதுதான்: "அம்மா எங்க?"

அந்தக் கேள்விக்குப் பதிலா ஒரு கதை சொல்லலாம்னு நெனச்சேன். முதல் நாள் சொன்ன கதை ஏறத்தாழ இப்படி ஆரம்பிச்சுது: "ஏரிக்கரையில இருந்த ஒரு பெரிய மரத்துல கூடு கட்டி வாழ்ந்துட்டிருந்த ஒரு கொக்கோட குட்டி, அம்மா இரை தேடப் போயிருந்தப்ப, கூட்டை விட்டு மெதுவா வெளிய வந்து, கிளை கிளையாத் தாவி, கீழ இறங்கி, வழி தெரியாம தொலைஞ்சு போயிடுச்சு."

இது ஒரே வாக்கியம். அவ்வளவு நேரம் பாப்பா பேசாம இருந்தா. "தொலைஞ்சு போயிடுச்சு"ன்னு முடிச்சதும் எழுந்து உட்கார்ந்துட்டா. "அதோட அம்மா எங்க?"ன்னு கேட்டா. "தேடிட்டு இருக்கு"ன்னு சொன்னேன். அழ ஆரம்பிச்சுட்டா. அன்னைக்கு அவ தூங்கும்போது மணி பத்தரை.

மறுநாள் எங்க அம்மாகிட்ட போன்ல இதைச் சொன்னேன். அவங்க சொன்னது ஒரே வரி. "ராத்திரி நேரத்துல கதையில புள்ளையத் தொலைக்காதடா." அப்புறம், "உனக்கு நான் ஈ கதைதானே சொல்லுவேன், அதைச் சொல்லேன்"னாங்க.

ஈ கதை உங்கள்ல பலருக்கும் தெரிஞ்சிருக்கும். ஒரு ஈக்குத் தன் பேரு மறந்து போயிடும். கன்னுக்குட்டிகிட்ட போய்க் கேக்கும். அதுக்குத் தெரியாது. கன்னோட தாய்கிட்ட கேக்கும். அதுக்கும் தெரியாது. அப்புறம் மாடு மேய்க்கிறவர், அவர் கையில இருக்கிற கோல், கோல் வந்த மரம்னு போயிட்டே இருக்கும். ஒவ்வொருத்தர்கிட்ட கேக்கும்போதும் முன்னாடி கேட்ட எல்லார் பேரையும் வரிசையா சேர்த்துச் சொல்லணும். கடைசியில குதிரை கனைக்கும்போது அந்தச் சத்தத்துலயே ஈக்குத் தன் பேரு கிடைச்சிடும்.

இப்படி அடுக்கிக்கிட்டே போற கதைகளைச் சங்கிலிக் கதைன்னு சொல்லலாம். உலக நாட்டுப்புறக் கதைகளை வகை பிரிச்சு எண் கொடுத்து ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. அதுல இந்த மாதிரிக் கதைகளுக்குன்னே 2000-த்துல தொடங்குற ஒரு தனிப் பகுதி இருக்கு. அந்த அளவுக்கு எல்லா ஊர்லயும் இருக்கிற வடிவம் இது.

பாப்பாவுக்கு ஈ கதை ரொம்பப் பிடிச்சுது. பிரச்சனையே அதுதான். ஒவ்வொரு சுத்துலயும் வரிசை நீளுது. அதனால சொல்ற வேகம் கூடுது, குரல் ஏறுது. அடுத்தது யாருன்னு அவளும் சேர்ந்து கத்துறா. கடைசியில குதிரை கனைச்சதும் கட்டில்ல நின்னு பத்து தடவை "ஈஈஈ"ன்னு கனைச்சுக் காட்டினா. பகல்ல சாப்பாடு ஊட்டும்போது சொல்ல இதைவிட நல்ல கதை கிடையாது. ஆனா இது ஏறுற கதை. எனக்கு வேணும்ங்கிறது இறங்குற கதை.

இறங்குற கதைக்கு உலகத்துல ரொம்பப் பிரபலமான உதாரணம், அமெரிக்காவுல மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி 1947-ல வந்த 'குட்நைட் மூன்'. அதுல சம்பவம்னு எதுவும் நடக்காது. ஒரு அறையில இருக்கிற பொருளையெல்லாம் முதல்ல காட்டுவாங்க. அப்புறம் ஒவ்வொண்ணுக்கா குட்நைட் சொல்லிட்டே வருவாங்க. பக்கம் போகப் போக அந்த அறையும் இருட்டிக்கிட்டே வரும். அதுலயும் ஈ கதை மாதிரியே திரும்பத் திரும்ப ஒரே அமைப்புதான் வருது. வித்தியாசம் என்னன்னா, ஈ கதையில ஒவ்வொரு சுத்துலயும் ஒண்ணு சேருது. இதுல ஒவ்வொரு சுத்துலயும் ஒண்ணு அடங்குது.

சரி, என் கதையிலயும் ஒவ்வொண்ணா அடங்கட்டும்னு முடிவு பண்ணேன். ஆனா அதுக்கு முன்னாடி என் வாக்கியங்களைச் சரி பண்ண வேண்டியிருந்துச்சு.

தமிழ்ல ஒரு விஷயம் கவனிச்சுப் பாருங்க. வினைமுற்று கடைசியிலதான் வரும். "வந்து, தாவி, இறங்கி, தெரியாம"ன்னு எச்சங்களை எவ்வளவு வேணும்னாலும் கோர்த்துக்கிட்டே போகலாம். நமக்கு அது சுகமா இருக்கும். ஆனா கேக்குற குழந்தை அது எல்லாத்தையும் மனசுல பிடிச்சுக்கிட்டு, கடைசிச் சொல் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். "கூடு கட்டி வாழ்ந்துட்டிருந்த கொக்கோட குட்டி"ன்னு பெயரெச்சம் போட்டா இன்னும் கஷ்டம். யாரைப் பத்திப் பேசுறோம்னே அஞ்சு சொல்லு தாண்டித்தான் தெரியும்.

அதனால எனக்கு நானே ஒரு விதி வெச்சுக்கிட்டேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை, ஒரு முற்று. "ஒரு மரம். மரத்துல கூடு. கூட்டுல குட்டி." இப்படிச் சொன்னா முந்தின வாக்கியத்தோட கடைசிச் சொல்லைத்தான் அடுத்த வாக்கியம் பிடிச்சுக்குது. புதுசா வர்றது ஒரே ஒரு சொல்லுதான்.

அடுத்தது, பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழாங்கிற கேள்வி. படக்கதைப் புத்தகத்துல "சென்றது", "கேட்டது"ன்னு இருக்கும். பகல்ல படம் காட்டிப் படிக்கும்போது அது நல்லது, அவ காதுக்கு எழுத்துத் தமிழும் பழகணும். ஆனா இருட்டுல படம் கிடையாது, குரல் மட்டும்தான். அதனால வீட்டுல பேசுற மாதிரியே "போச்சு", "கேட்டுச்சு"ன்னு வெச்சுக்கிட்டேன்.

இப்ப பாத்திரம். இங்க எனக்கு ஒரு அதிர்ஷ்டம் அடிச்சுது. எங்க மொட்டை மாடியில ஏழு மணி வாக்குல துணி எடுக்கப் போனா, மேல "க்வாக்"னு ஒரு கரகரப்பான சத்தம் கேக்கும். நான் காக்கான்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்க அபார்ட்மென்ட்ல பறவை பாக்குற ஒரு அண்ணா இருக்கார். அவர்தான் "அது வக்காடா, இராக்கொக்கு"ன்னார். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துல வேடந்தாங்கல்லயும் இது உண்டு. கொஞ்சம் குண்டா, கழுத்தை உள்ள இழுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். தலையும் முதுகும் கருப்பு, கண்ணு சிவப்பு. குஞ்சு மட்டும் பழுப்பு நிறத்துல புள்ளி புள்ளியா இருக்கும்.

முக்கியமான விஷயம், வக்கா பெரும்பாலும் பகல்ல மரத்துல ஓய்வெடுத்துட்டு, இருட்டுற நேரத்துல மீன் பிடிக்கக் கிளம்புற பறவை. அதாவது நைட் ஷிப்ட். நான் எதையும் கற்பனை பண்ண வேண்டியதே இல்ல. அம்மா ராத்திரி வேலைக்குப் போறது தொலைஞ்சு போறது இல்ல, அது ஒரு வழக்கம். கொக்கை எடுத்துட்டு வக்காவைப் போட்டேன். அந்தப் பேரு மூணு வயசு வாய்க்கும் சுலபம்.

இப்ப திரும்ப வர்ற பகுதி. கேள்வி எதுன்னு யோசிக்கவே வேண்டாம், பாப்பாவே தினமும் கேக்குறாளே: "அம்மா எங்க?" குட்டி வக்கா அதையே ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கும். ஈ கதையில எல்லாரும் தெரியாதுன்னு சொல்லுவாங்க, அதனாலதான் கதை ஓடுது. ராத்திரிக் கதையில அதை அப்படியே திருப்பினேன். இங்க எல்லாருக்கும் பதில் தெரியும். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவாங்க. அதனால அடுத்து என்ன ஆகுமோங்கிற பதைப்பு கிடையாது. பதில் சொன்னவங்க உடனே தூங்கிடுவாங்க.

எங்க வேலையில சொல்லணும்னா இது ஒரு லூப். ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணே ஒண்ணுதான் மாறணும், அது யார்கிட்ட கேக்குதுங்கிறது. நான் ஆரம்பத்துல பதிலையும் விதவிதமா மாத்திச் சொன்னேன். நமக்கு ஒரே வரியைச் சொல்ல போர் அடிக்கும் இல்லையா, அதனால. ஆனா பதில் மாறினா குழந்தை ஒவ்வொரு தடவையும் புதுசாக் கவனிக்கணும். பதில் மாறாம இருந்தப்ப மூணாவது நாளே, நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவளே அதைச் சொன்னா.

ஆளுங்களோட வரிசையும் முக்கியம். தூரத்துல இருந்து பக்கத்துக்கு வரணும், சத்தத்துல இருந்து அமைதிக்கு வரணும். முதல்ல ஓ.எம்.ஆர். பஸ்ஸு. அப்புறம் தெரு நாய். அப்புறம் ஏரித் தவளை. அப்புறம் மரம். ஒரு நாள் ஆசைப்பட்டு ஆட்டோ, பூனை, நிலா, வாட்ச்மேன் தாத்தான்னு எட்டு பேரை வெச்சேன். ஆறாவது ஆள் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் யாரு யாரு வருவாங்க?"ன்னு கேட்டா. அவ எண்ண ஆரம்பிச்சுட்டா, தூக்கம் போச்சு. நாலுக்குத் திரும்பிட்டேன்.

முடிவுலயும் ஒரு பெரிய தப்பு பண்ணேன். "குட்டி வக்கா கண்ணை மூடுச்சு. அப்பதான் அம்மா வந்துச்சு"ன்னு முடிச்சேன். கேக்க அழகா இருக்கு இல்ல? ஆனா அன்னைக்குப் பாப்பா கண்ணை மூடி மூடித் திறந்து கதவையே பார்த்துக்கிட்டு இருந்தா. லிஃப்ட் சத்தம் கேட்டதும் "அம்மா!"ன்னா. கண்ணை மூடினா அம்மா வந்துடுவாங்கன்னு கதை சொல்லிடுச்சே, அதை அவ நம்பிட்டா. கதை கொடுக்கிற வாக்கை நிஜம் காப்பாத்த முடியணும். எங்க வீட்டு நிஜம் காலையிலதான் வருது. அதனால முதல்ல தூக்கம், அப்புறம் விடியல், அப்புறம்தான் அம்மா. இந்த வரிசை மாறக்கூடாது.

இன்னொரு திருத்தம் பாப்பாவே பண்ணது. ஒரு வாரம் கழிச்சு கேட்டா: "அப்பா வக்கா எங்க?" நான் என்னையே கதையில வைக்க மறந்துட்டேன். பறவை அண்ணாகிட்ட கேட்டேன். வக்காவுல அப்பா, அம்மா ரெண்டும் மாறி மாறித்தான் முட்டையை அடைகாக்கும், குஞ்சையும் பாத்துக்கும்னார். அப்போ அப்பாவைக் கூட்டுலயே உட்கார வெச்சுட்டேன்.

இதுதான் இப்ப நான் சொல்ற கதை. முழுசாச் சொல்றேன்.

"ஒரு ஏரி. ஏரிக்கரையில மரம். மரத்துல கூடு. கூட்டுல குட்டி வக்கா. குட்டி வக்கா பக்கத்துல அப்பா வக்கா.

இருட்டிடுச்சு. அம்மா வக்கா கிளம்புச்சு. 'நான் மீன் பிடிக்கப் போறேன். காலையில வருவேன்.'

குட்டி வக்கா பஸ்ஸைப் பார்த்துச்சு. 'பஸ்ஸே பஸ்ஸே, அம்மா எங்க?'
'அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கு. காலையில வரும்.' பஸ்ஸு தூங்கிடுச்சு.

குட்டி வக்கா நாயைப் பார்த்துச்சு. 'நாயே நாயே, அம்மா எங்க?'
'அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கு. காலையில வரும்.' நாய் தூங்கிடுச்சு.

குட்டி வக்கா தவளையைப் பார்த்துச்சு. 'தவளையே தவளையே, அம்மா எங்க?'
'அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கு. காலையில வரும்.' தவளை தூங்கிடுச்சு.

குட்டி வக்கா மரத்தைப் பார்த்துச்சு. 'மரமே மரமே, அம்மா எங்க?'
'அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கு. காலையில வரும்.' மரம் தூங்கிடுச்சு.

பஸ்ஸு தூங்கிடுச்சு. நாய் தூங்கிடுச்சு. தவளை தூங்கிடுச்சு. மரம் தூங்கிடுச்சு. அப்பா வக்கா பக்கத்துல இருக்கு.

குட்டி வக்கா சொல்லுச்சு. 'அம்மா மீன் பிடிக்கப் போயிருக்கு. காலையில வரும்.' குட்டி வக்கா தூங்கிடுச்சு.

விடிஞ்சுது. அம்மா வந்துச்சு."

அவ்வளவுதான். முதல்ல எழுதினதுல பாதிகூட இல்ல. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல கதைகளைப் படிக்கிற நிலை வாரியாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. அதுல முதல் நிலைக்கு 250 சொல்லுக்குள்ள, சுலபமான சொல்லு, திரும்பத் திரும்ப வர்ற சொல்லுன்னு அளவு வெச்சிருக்காங்க. நான் அதைப் பார்த்தது கதையைத் திருத்தி முடிச்சப்புறம்தான். என் கதையும் அந்த அளவுக்குள்ளேயே வந்து நின்னிருந்துச்சு.

சொல்ற விதத்துல ரெண்டே விஷயம். ஒவ்வொரு சுத்துக்கும் குரலைக் கொஞ்சம் இறக்கணும். "தூங்கிடுச்சு"க்கு அப்புறம் ஒரு மூச்சு விட்டு நிறுத்தணும். மரத்துக்கிட்ட வரும்போது நான் கிட்டத்தட்ட ரகசியம் பேசுற குரல்லதான் பேசுவேன். குட்டி வக்கா தன் வாயாலேயே பதிலைச் சொல்ற இடத்துல நான் பேசாம இருப்பேன். அது பாப்பாவோட வரி. முழிச்சிருந்தா அவ சொல்லுவா. அந்த இடத்துல சத்தம் வரலைன்னா தூங்கிட்டான்னு அர்த்தம்.

கதை சரியா வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்கறது சுலபம். குழந்தை "அப்புறம்?"னு கேட்டா கதை அவளை இழுத்துட்டுப் போகுது, அது பகல் கதை. நமக்கு முன்னாடி வரியை அவளே சொல்லி முடிச்சா கதை அவ கையில இருக்கு. தூக்கக் கலக்கத்துல நான் ஒரு நாள் நாயை விட்டுட்டேன். "அப்பா, நாய் இன்னும் தூங்கலை"ன்னா.

ஒரே கதையை இருபது நாள் சொன்னா அவளுக்குப் புதுசா ஒண்ணும் கிடைக்காதேன்னு எனக்கும் ஒரு உறுத்தல் இருந்துச்சு. இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ஜெசிகா ஹார்ஸ்ட்டும் அவங்க குழுவும் 2011-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மூணு வயசுக் குழந்தைகள்ல ஒரு பகுதிக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிச்சுக் காட்டினாங்க. இன்னொரு பகுதிக்கு வேற வேற கதைகள். புதுச் சொற்களைக் கேட்ட எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆனா ஒரே கதையைக் கேட்ட குழந்தைகள்தான் அந்தச் சொற்களை நல்லா ஞாபகம் வெச்சிருந்தாங்க. மத்ததெல்லாம் பழகிப் போனதால புதுச் சொல்லுக்கு மனசுல இடம் கிடைக்குதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

இதுக்கு எல்லை இருக்கு. பகல்ல அஞ்சரை வரைக்கும் தூங்கிட்டா எந்த வக்காவும் அவளை எட்டரைக்குத் தூங்க வைக்காது. காய்ச்சல் வந்த ரெண்டு நாள், "கதை வேண்டாம், அம்மா வேணும்"னு மட்டும்தான் சொன்னா. அன்னைக்குக் கதையைத் திருத்திப் பிரயோஜனம் இல்ல. தோள்ல போட்டு நடந்தேன்.

போன வாரம் ஒரு நாள் காலையில அஞ்சரை மணி. என் வொய்ஃப் வந்து சத்தம் வராம ஷூவைக் கழட்டிட்டு இருந்தாங்க. பாப்பா பாதித் தூக்கத்துல எழுந்து வந்து நின்னு பார்த்தா. அழலை, ஓடிப் போய்க் கட்டிக்கவும் இல்ல. கண்ணைக் கசக்கிக்கிட்டே கேட்டா:

"மீன் எங்க?"

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுல ராத்திரி ஓடுற கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.